மழை வேண்டிய மக்களும் குளிர்த்தி பெற்ற தெய்வமும்

தமிழ் நிலத்தைப் பகுத்துத் தெய்வங்களை வகுத்த தொல்காப்பியர், வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய மருதத்தை வேந்தனுக்கும், கடலும் கடல் சார்ந்த இடமுமாகிய நெய்தலை வருணனுக்கும் உரியதாக்கினார். வேந்தன் என்பான் இந்திரனே என்பர் உரையாசிரியர். ஒருவன் மேகங்களுக்குத் தலைவன். மற்றவன் நீருக்குத் தலைவன். மழைத் தெய்வம் யாதென்று கேட்டால் பண்டைத் தமிழன் இவ்விருவரையே சுட்டியிருப்பான்.

கல்முனைக் கரையில் நின்று பார்ப்போர்க்கு இவ்விருவர் நிலமும் ஒருங்கே தோன்றும். கிழக்கே கடலும் வெண்மணலும்; நடுவே தெருவும் குடியிருப்பும்; மேற்கே கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்வெளி. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்த மணிகள்போல் இக்கரையில் அமைந்துள்ளன. ஆயினும் இத்தனை ஊர்களிலும் மழை வேண்டி இந்திரனுக்கு விழா எடுப்பாரும் இல்லை. வருணனுக்குக் கோயில் கட்டினாரும் இல்லை. இங்குள்ள சைவ மக்கள் மழைக்காக நாடுவது கணவனை இழந்து வழக்குரைத்த ஒரு பெண்ணை. அவளே கண்ணகையம்மன். மேகத்தை ஆளும் தேவனை விட்டு நீதி கேட்ட ஒரு பெண்ணிடம் மழை கேட்பானேன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இக்கரையின் வானத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,700 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. இது குறைந்த மழையன்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான சில மாதங்களுள் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்து கொட்டிவிடும். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று வீசத் தொடங்கும். மேற்கே மலைநாட்டில் தன் ஈரத்தை உதிர்த்துவிட்டு வரும் அக்காற்று இங்கே வெப்பத்தை மட்டுமே கொண்டுவரும். ஆகவே முன்மாரியை நம்பி விதைத்த உழவனுக்கு, ஐப்பசியில் வரவேண்டிய மழை தவறினால் அவ்வாண்டின் சோறே தவறியதாகும். பல மாதம் காய்ந்த நிலமும், ஒரு பருவத்தை மட்டுமே நம்பிய வாழ்வும் இருக்குமிடத்தில் மழைக் கதைகள் பிறப்பது இயல்பே.

அக்கதைகளுள் மிகப் பழையது சிலப்பதிகாரத்தோடு சேர்ந்து வந்துள்ளது. நூலின் முகப்பிலே உரைபெறு கட்டுரை என்னும் சிறு பகுதி ஒன்று உண்டு. மதுரை எரிந்த பின் நடந்ததை அது சுருங்கச் சொல்கின்றது. பாண்டி நாட்டில் மழை வறந்தது. வறுமை வந்தது. வெப்பு நோயும் அம்மையும் தொடர்ந்தன. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று, அதனையே வேள்வியாக்கி, கண்ணகிக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தான். அதன்பின் நாட்டில் மழை பெய்தது. நோயும் துன்பமும் நீங்கின. இச்செய்தியைக் கேட்டுக் கொங்கிளங்கோசரும், கடல் சூழ் இலங்கைக் கயவாகு மன்னனும், சோழன் பெருங்கிள்ளியும் தத்தம் நாடுகளில் அவளுக்கு விழா எடுத்தனர். அங்கும் மழை பொய்யாது விளைவு பெருகியது என்று அப்பகுதி முடிகின்றது.

இவ்வுரைபெறு கட்டுரை இளங்கோவடிகள் எழுதியதன்று, பிற்காலத்தார் சேர்த்தது என்று கருதும் அறிஞர் பலர். கயவாகு என்பது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவைக் குறிக்கும் என்பர். ஆனால் மகாவம்சம் அவன் வரலாற்றைக் கூறுமிடத்துப் பத்தினி வழிபாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் பத்தினியின் சிலம்பைக் கொண்டுவந்தான் என்பதைப் பல நூற்றாண்டு கழிந்தெழுந்த இராஜாவலிய என்னும் சிங்கள நூலே கூறுகின்றது. ஆகையால் இன்ன ஆண்டில் இன்ன மன்னன் மழை பெய்வித்தான் என்று இதனை வரலாறாகக் கொள்வதற்கில்லை. மழையைப் பற்றி அக்கால மக்கள் கொண்டிருந்த எண்ணத்தின் சான்றாகக் கொள்வதே தகும்.

அவ்வெண்ணம் யாது? மழை வறந்தது ஒரு தெய்வம் நீரை மறைத்து வைத்தமையால் அன்று. அரசன் ஒருவன் ஆராயாது ஓர் உயிரைக் கொன்றான். அந்த அநீதியின் வெம்மை நாடு முழுவதும் பரந்து வானத்தையும் வறளச் செய்தது. வறட்சியும் காய்ச்சலும் அம்மையும் வெவ்வேறு துன்பங்களாகச் சொல்லப்படவில்லை. அவை ஒரே சூட்டின் மூன்று முகங்கள். எனவே மழை வேண்டுமாயின் மேகத்தை அழைத்துப் பயனில்லை. செய்த பிழைக்கு ஈடு செய்து, கொதித்த உள்ளத்தை ஆற்றுதல் வேண்டும். மழைக்காக மக்கள் கண்ணகியிடம் செல்வதன் காரணம் இதுவே.

ஆனால் அந்த ஈட்டைச் செய்த முறையை நாம் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட முடியாது. சிலம்பைத் திருடியவன் ஒரு பொற்கொல்லன். தீர ஆராயாது தீர்ப்புச் சொன்னவன் அரசன். கொல்லப்பட்டவரோ அவ்விருவர் செயலோடும் தொடர்பில்லாத ஆயிரம் தொழிலாளர். ஒருவன் பிழைக்கு அவன் குலத்தார் எல்லாரும் உயிர் கொடுத்தனர். அதன்பின் மழை பெய்ததாம். கோவலன் சாவு அநீதி என்றால் இவ்வாயிரவர் சாவு யாது? பஞ்சம் வந்த நாட்டில் பழியைச் சுமக்க ஒரு கூட்டத்தைத் தேடுவது மக்கள் மனத்தின் பழைய நோய். அந்நோயையும் இக்கதை மறையாது காட்டுகின்றது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மிஷன் பாடசாலையில் வேதாகமம் பயின்றோர்க்குத் தாவீது அரசன் காலத்துப் பஞ்சக் கதை நினைவிருக்கும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பஞ்சம் உண்டாயிற்று. முன்னிருந்த சவுல் அரசன் கிபியோனியரைக் கொன்ற பழியே காரணம் என்று தெரிய வந்தது. கிபியோனியர் பொன்னோ வெள்ளியோ வேண்டாம் என்று மறுத்துச் சவுலின் வழித்தோன்றல்கள் எழுவரைக் கேட்டு வாங்கி, வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்தில் அவர்களைக் கொன்றனர். அவர்களுள் இருவரின் தாயாகிய ரிஸ்பாள் பாறைமேல் இரட்டை விரித்து, அறுப்பு நாள் தொடங்கி வானத்திலிருந்து மழை பொழியும் வரையில், பகலில் பறவையும் இரவில் விலங்கும் அவ்வுடல்களை அணுகாதபடி காத்திருந்தாள். அதைக் கேட்ட தாவீது அவர்கள் எலும்புகளை எடுத்து முறையாக அடக்கம் செய்வித்தான். அதன்பின்னரே தேவன் நாட்டுக்காகச் செய்த விண்ணப்பத்தைக் கேட்டார் என்று அக்கதை முடிகின்றது. கொற்கையின் கதைக்கும் எருசலேமின் கதைக்கும் இடையே கடலும் பாலையும் கிடக்கின்றன. எனினும் இரண்டிலும் அரசனின் அநீதி, வறட்சி, ஈடாகச் சிந்திய குருதி, இறுதியில் மழை என்ற வரிசை ஒன்றாகவே உள்ளது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அந்த எழுவருக்காக அழ ஒரு தாய் அக்கதையில் இருக்கின்றாள். பொற்கொல்லர் ஆயிரவருக்காக அழுத தாயரைப் பற்றி நம் கதை ஒன்றும் சொல்லவில்லை.

பழியை ஏற்ற மனிதனுக்குப் பதிலாக ஓர் உருவத்தை வைப்பதும் உண்டு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழங்கிய கொடும்பாவி கட்டி இழுத்தல் அத்தகையது. ஊரில் எவனோ ஒரு பெரும்பாவி இருப்பதனாலேயே மழை பெய்யவில்லை என்று கொண்டு, வைக்கோலால் அவனைப் போல் ஓர் உருச் செய்வார்கள். அதனைத் தெருத்தெருவாக இழுத்துச் செல்ல, பெண்கள் மாரடித்து ஒப்பாரி சொல்வார்கள். முடிவில் பிணத்துக்குச் செய்வன எல்லாம் செய்து கொளுத்திவிடுவார்கள். பாவி யார் என்று பெயர் சொல்லப்படுவதில்லை. யாரையும் கொல்லாமலே ஊர்ப்பழி ஊரைவிட்டு வெளியேறுகின்றது.

மட்டக்களப்பு நாட்டுக் கண்ணகை வழிபாடு இதனினும் வேறான ஒரு வழியைக் கொண்டது. இங்கே சிலப்பதிகாரத்தைக் காட்டிலும் மக்கள் நாவில் பயின்றது கண்ணகி வழக்குரை. பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தார்கள். கோயில்களில் தலைமுறை தலைமுறையாக ஏட்டிலிருந்து பாடப்பட்டு வந்த நூல் அது. அது வழக்குரைத்ததோடு நின்றுவிடாது குளிர்ச்சிக் காதையில் சென்று முடிகின்றது. மதுரையை எரித்துவிட்டுக் கொதிப்பு அடங்காது வரும் கண்ணகியை ஆய்க்குலப் பெண்கள் எதிர்கொள்கின்றனர். பாலும் தயிரும் வெண்ணெயும் கொண்டு அவள் உடலின் வெம்மையைத் தணிக்கின்றனர். அவள் கோபத்தை ஆற்றியது வாளன்று. மோரும் வெண்ணெயும் விற்கும் ஏழைப் பெண்களின் கைகள்.

இக்காதையே ஆண்டுதோறும் சடங்காக நடக்கின்றது. காரைதீவு, தம்பிலுவில், பட்டிமேடு முதலிய ஊர்களின் கண்ணகை கோயில்களில் பெருவிழா வைகாசி மாதத்துக்குரியது. மரபுப்படி ஆண்டின் பெரும்பகுதி மூடிக் கிடந்த கதவைத் திறப்பது முதற் செயல். அடுத்த நாட்களில் வழக்குரை முறையாகப் பாடப்படும். கண்ணகியின் திருமணத்தைப் பாடும் நாளில் கலியாணக்கால் நடுவார்கள். கதை கோயில் முற்றத்திலே நடப்பதாகவே மக்கள் கொள்வர். பொங்கலுக்கான நெல்லைக் கோயிலிலேயே குற்றுவதும் ஒரு சடங்கு. இறுதி இரவு குளிர்த்தி. பூசகராகிய கப்புகனார், மஞ்சளும் வேப்பிலையும் சேர்ந்த நீரால் அம்மனைக் குளிர்விப்பார். அவ்வேளை குளிர்த்திப் பாடல் பாடப்படும். மதுரையை எரித்த சினம் ஆறுக, வந்த நோய் தீர்க, நாடு செழிக்க என்பதே அப்பாட்டின் வேண்டுதல். பின்னர் அந்நீரை மக்கள் தம்மேல் தெளித்துக்கொள்வர்; வீட்டுக்கும் கொண்டு செல்வர். ஆயிரம் பொற்கொல்லரின் குருதி நின்ற இடத்தில் இங்கே நிற்பது ஒரு பாத்திரத்து நீர்.

இவ்விடத்து ஒரு ஐயம் எழலாம். குளிர்த்தி மழைச் சடங்காயின் அது மழைக்கு முன்னதாகப் புரட்டாசியிலன்றோ நடைபெறவேண்டும்? வைகாசிப் பூரணைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே நான்கு மாதங்களுக்கு மேல் கிடக்கின்றனவே! சடங்கு முடிந்த கையோடு மழை பெய்ததா என்று பார்ப்பவன் ஏமாற்றமே அடைவான். கயவாகு ஆடியில் விழா எடுத்தான் என்று உரைபெறு கட்டுரை சொல்வதிலும் இந்த இடர்ப்பாடு உண்டு. ஆடியில் காவிரியில் புதுப்புனல் வரும். நம் கிழக்குக் கரையிலோ ஆடி கடுங்கோடை. இதனால் நாம் அறிவது ஒன்று. குளிர்த்தி, மேகத்தை அன்றே இழுத்துவரும் மந்திரமாக வகுக்கப்பட்டதன்று. கச்சான் தொடங்கி, வெப்பும் அம்மையும் பரவும் பருவத்தின் வாயிலில், வரப்போகும் சூட்டைத் தாங்கும்பொருட்டு நிலத்தையும் உடலையும் தெய்வத்தையும் ஒருங்கே குளிரச் செய்யும் சடங்கு அது. மழை, அக்குளிர்ச்சியின் முடிவில் வந்து சேரும் பலன்.

நடப்பு ஆண்டின் வறட்சிக்கென்றே செய்வன வேறு. மழைக்காவியம் என்னும் பாடல்வகை அவற்றுள் ஒன்று. அது அம்மனிடம் நேரே மழை கேட்பது. மற்றொன்று கொம்பு முறித்தல். மழை மறுத்தாலும் கொள்ளை நோய் வந்தாலும் ஊரார் கூடி இதனை நடத்தினர். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஏதேனும் ஒன்று முறியும் வரை இரு சேரியாரும் இழுப்பர். கண்ணகியும் கோவலனும் கொக்கிகளால் செண்பகப்பூப் பறித்தபோது கொக்கிகள் சிக்குண்டன. இருவரும் இழுக்கக் கோவலன் கொக்கி முறிந்தது என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. தோற்றவரை வென்றவர் வசைபாடுவது விளையாட்டின் ஒரு பகுதி. இறுதியில் இரு சேரியும் ஒன்றாகி அம்மனை வணங்கும். ஊருக்குள் புழுங்கிய பகை, வெட்டவெளியில் விதிமுறைக்குட்பட்டு வெளிவந்து தீர்ந்துபோகின்றது. சிங்கள மக்கள் இதனையே அங்கெலிய என்கின்றனர். அம்பாறை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள பாணமை அதற்குப் பேர்போனது.

இனி, இதே வானத்தைப் பார்த்து வாழும் நம் முஸ்லிம் அயலவர் என் செய்கின்றனர் என்பதையும் காணவேண்டும். இஸ்லாத்தில் மழைக்கென்று தனித் தெய்வம் இருத்தல் இயலாது. மழை இறைவன் ஒருவனின் அருள். மழை தவறினால் தொழும் தொழுகைக்கு இஸ்திஸ்கா என்பது பெயர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி வழியின் சட்டநூல்கள் அதன் முறையை விரிவாகக் கூறுகின்றன. இமாம் முதலில் மூன்று நாள் நோன்பு நோற்கச் சொல்வார். பாவமன்னிப்புக் கேட்கவும், தருமம் செய்யவும், பிறருக்குச் செய்த அநியாயங்களைத் திருத்திக்கொள்ளவும், பகைத்தோர் உறவாடவும் பணிப்பார். நான்காம் நாள் நோன்போடு, நல்லாடை அணியாது எளிய உடையில், பணிவோடு திறந்த வெளிக்குச் செல்லவேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் கால்நடைகளையும்கூட அழைத்துச் செல்வது விரும்பத்தக்கது. இரண்டு றக்அத்துத் தொழுகையும் பிரசங்கமும் நடைபெறும். பிரசங்கத்தின் இடையே இமாம் கிப்லாவை நோக்கித் திரும்பித் தம் மேலாடையை மாற்றிப் போடுவார். நிலைமை மாறவேண்டும் என்பதன் குறிப்பு அது.

குளிர்த்தியும் இஸ்திஸ்காவும் ஒன்றென்று கூறுவது இரு சமயத்துக்கும் இழைக்கும் பிழையாகும். ஒன்று தெய்வத்தின் உருவை நீராட்டுகின்றது. மற்றொன்று உருவத்தையே ஏற்காது. ஒன்று ஆண்டுதோறும் வருவது. மற்றொன்று வறட்சி வந்தால் மட்டும் செய்வது. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் அருகருகே நிற்கின்றன. மழை தவறினால் முதலில் மேகத்தை நோக்காதே, மனிதருக்குள் நடந்த அநீதியை நோக்கு என்று இரண்டும் சொல்கின்றன. ஒரு வேறுபாட்டையும் மறைத்தற்கில்லை. பழியை ஆயிரவர் தலையில் ஏற்றினான் செழியன். வைக்கோல் உருவில் ஏற்றியது கொடும்பாவி. ஆற்றவேண்டிய சினமாகக் கண்டது குளிர்த்தி. ஒவ்வொருவனையும் தன் கணக்கைத் தானே பார்க்கச் சொல்கின்றது இஸ்திஸ்கா. இவை ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியவை என்று நாம் கூறவில்லை. வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகின்றது என்பதே கருத்து.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்ட பின்னர் இக்கரையின் வயல்கள் பலவற்றுக்கு வாய்க்கால் நீர் வந்தது. சிறுபோக வேளாண்மைக்குக் கச்சான் காலத்திலும் தண்ணீர் கிடைத்தது. அவ்வயல்களில் வானத்தை நோக்கிய கண்கள் வட்டவிதானையாரை நோக்கித் திரும்பின. ஆயினும் அக்குளத்தை நிரப்புவதும் மழையே. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் கடும் வறட்சி கண்டபோது, குளத்தை நம்பிய உழவரும் அதனை உணர்ந்தனர். இருக்கும் நீரை மேல்வாய்க்கால்காரரும் கடைவாய்க்கால்காரரும் எவ்வாறு பங்கிடுவது என்பது அத்தகைய ஆண்டில் எழும் முதல் வழக்கு. மேல்வயல்காரன் இரவில் மதகைத் திறந்துகொண்டால் கடைவயல் காயும். வரப்பில் சண்டை மூளும். அங்கே இழப்பவன் தமிழனாகவும் இருக்கலாம், முஸ்லிமாகவும் இருக்கலாம், சிங்களவனாகவும் இருக்கலாம்.

கண்ணகியின் கதை இன்று நமக்குப் பயன்படுவது இவ்விடத்திலேதான். வறட்சிக்கு அடுத்த வீட்டுக்காரனையோ அடுத்த ஊரானையோ காரணமாக்குவது எளிது. கொற்கையிலும் அதுவே நடந்தது. ஆராயாது பழி சுமத்தியதால் தொடங்கிய துன்பத்தை மீண்டும் ஆராயாது பழி சுமத்தித் தீர்க்க முனைந்தான் செழியன். நம் முன்னோர் ஏட்டில் அக்கதையைப் பெற்றும், அதன் முடிவை அவ்வாறே எடுத்துக்கொள்ளவில்லை. இக்கரையின் கோயில்களில் அவர்கள் வழக்குரையைப் பாடி நிறுத்தியது வாளின் முன்பு அன்று. ஆய்ச்சியர் கைப் பாலின் முன்பு. வைகாசிப் பூரணையன்று கப்புகனார் தெளிக்கும் அந்நீரை ஏந்தும்போது, அது எதற்குப் பதிலாக வந்தது என்பதை இளைஞர் அறிந்திருத்தல் நன்று.